கூற்று சரி, காரணமும் சரி, விளக்கம் சரியா?

கூற்று–காரணம் வகை வினாவில் மாணவர் மூன்று தீர்ப்புகளை வழங்க வேண்டியிருக்கிறது. கூற்று உண்மையா என்பது முதலாவது. காரணம் என்று கொடுக்கப்பட்ட வாக்கியம் தன்னளவில் உண்மையா என்பது இரண்டாவது. இரண்டும் உண்மையானால், அந்தக் காரணத்தால்தான் அந்தக் கூற்று உண்மையாகிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஐந்தாம் வகுப்பிலிருந்தே நாம் எழுதிப் பழகிய சரியா தவறா கேள்விகள்தான். மூன்றாவது தீர்ப்புக்காகத்தான் இந்த வினா வகையே இருக்கிறது. ஆனால் வேதியியல் தாள்களில் வரும் இத்தகைய வினாக்களில் அந்த மூன்றாவது தீர்ப்புதான் பெரும்பாலும் நோஞ்சானாக இருக்கிறது. காரணம் கூற்றுக்கு வெளிப்படையாகவே பொருந்தும். அல்லது சம்பந்தமே இல்லாத பாடத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். இரண்டிலும் மாணவர் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த வகையை நம் மாணவர்கள் பல இடங்களில் சந்திக்கிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலை வேதியியல் பாடநூலின் பயிற்சிப் பகுதியில் இது உண்டு. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தாளில் அண்மை ஆண்டுகளாக ஒரு மதிப்பெண் பகுதியின் கடைசி நான்கு வினாக்கள் இந்த வகைதான். நீட் தேர்விலும் வருகிறது. இலங்கையின் உயர்தர இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் ஐம்பது பல்தேர்வு வினாக்களில் 41 முதல் 50 வரை உள்ள பத்தும் இதே வகை. அங்கே கூற்று, காரணம் என்று சொல்லாமல் முதலாம் கூற்று, இரண்டாம் கூற்று என்பார்கள்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். இரண்டு வாக்கியங்கள் உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம் என்றால் நான்கு நிலைகள் வரும். இரண்டும் உண்மை என்ற நிலை, விளக்கம் பொருந்துவது, பொருந்தாதது என்று மறுபடியும் இரண்டாகப் பிரியும். ஆக மொத்தம் ஐந்து நிலைகள். இலங்கைத் தாளில் ஐந்துக்கும் ஐந்து விடைகள் இருக்கின்றன. இந்தியத் தாள்களில் விடைகள் நான்குதான். அப்படியானால் ஒரு நிலையைக் கைவிட வேண்டும். எதைக் கைவிடுவது என்பதில் இங்கே ஒற்றுமை இல்லை. சிபிஎஸ்இ தாளிலும் அண்மை ஆண்டு நீட் தாள்களிலும் நான்காவது விடை ‘கூற்று தவறு, காரணம் சரி’ என்பது. ‘இரண்டும் தவறு’ என்ற நிலைக்கு அங்கே இடமில்லை. நம் மாநிலப் பாடநூலிலோ நான்காவது விடை ‘கூற்று, காரணம் இரண்டும் தவறு’ என்பது. ‘கூற்று தவறு, காரணம் சரி’ என்பதற்கு இடமில்லை.

அச்சு வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மதிப்பெண் யாருக்குப் போகிறது என்பதையே இது தீர்மானிக்கிறது. சிபிஎஸ்இ அமைப்பில் கூற்று தவறு என்று கண்டுபிடித்த மாணவர் காரணத்தைப் படிக்கவே வேண்டாம். கூற்று தவறாக உள்ள விடை ஒன்றே ஒன்றுதான். அதேபோல் காரணம் தவறு என்று தெரிந்தால் கூற்றைப் பார்க்கத் தேவையில்லை, மூன்றாவது விடைதான். மாநில அமைப்பிலும் கூற்று தவறு என்றால் ஒரே விடை. கூடவே இன்னொரு கசிவும் உண்டு: காரணம் உண்மை என்று தெரிந்துவிட்டால், கூற்றும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று விடைகளின் அமைப்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இலங்கையின் ஐந்து விடை அமைப்பில் இந்தக் கசிவுகள் இல்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் அறிந்தவருக்கு அங்கே எப்போதும் குறைந்தது இரண்டு விடைகள் மிஞ்சும். இந்த வகை வினாவுக்கு ஐந்து விடைகளே பொருத்தம் என்பதுதான் என் கருத்து. நான்குக்குள் எழுத வேண்டிய ஆசிரியர், தன் அமைப்பில் எது கசிகிறது என்று தெரிந்துகொண்டாவது எழுத வேண்டும்.

வினாவை உருவாக்கும் விதத்தை ஓர் எளிய செய்தியைக் கொண்டு பார்ப்போம். நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் ஆக்ஸிஜனுடையதைவிட அதிகம். மோலுக்கு நைட்ரஜனுக்கு 1402 கிலோஜூல், ஆக்ஸிஜனுக்கு 1314. தனிம வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது இந்த ஆற்றல் கூடிக்கொண்டே போக வேண்டும் என்ற பொதுப்போக்குக்கு இது விலக்கு. மாணவர் தடுமாறுகிற இடம் என்பதால் வினாவுக்கு ஏற்ற இடமும்கூட.

கூற்றை அப்படியே வைத்துக்கொண்டு, ‘ஆக்ஸிஜனின் 2p ஆர்பிட்டால்களில் ஒன்றில் இரண்டு எலக்ட்ரான்கள் இணைந்திருப்பதால் அவற்றுக்கிடையே விலக்கம் உள்ளது’ என்று காரணம் எழுதினால் விடை (அ): இரண்டும் சரி, விளக்கமும் சரி. அதே கூற்றுக்கு, ‘ஆக்ஸிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை நைட்ரஜனுடையதைவிட அதிகம்’ என்று எழுதினால் விடை (ஆ). அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் கேட்ட விலக்கை அது விளக்கவில்லை. ‘நைட்ரஜனின் அணுக்கரு மின்சுமை ஆக்ஸிஜனுடையதைவிட அதிகம்’ என்றால் காரணம் பொய், விடை (இ).

இனி கூற்றைத் தலைகீழாக்குவோம்: ‘ஆக்ஸிஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் நைட்ரஜனுடையதைவிட அதிகம்.’ காரணம்: ‘ஆக்ஸிஜனின் அணுக்கரு மின்சுமை நைட்ரஜனுடையதைவிட அதிகம்.’ கூற்று பொய், காரணம் உண்மை. சிபிஎஸ்இ அமைப்பில் இது (ஈ). ஐந்து வடிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால் பொதுப்போக்கை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதாகத் தோன்றும். தயக்கமின்றி (அ)வைக் குறிப்பார். தவறு செய்பவர் ஏன் தவறு செய்தார் என்று அவர் குறித்த விடையே சொல்லிவிடுகிறது. கடைசியாக, அதே பொய்க் கூற்றுக்கு ‘ஆக்ஸிஜனில் 2p ஆர்பிட்டால்கள் சரிபாதி நிரம்பியுள்ளன’ என்று காரணம் எழுதினால் இரண்டும் தவறு. மாநிலப் பாடநூல் அமைப்பில் (ஈ), இலங்கை அமைப்பில் ஐந்தாவது விடை. இந்தக் கடைசி வடிவத்தை நான்கு விடை அமைப்பில் எழுதுவதில் பயன் குறைவு. கூற்று பொய் என்று அறிந்தவர் காரணத்தைத் தொடாமலே விடைக்குப் போய்விடுவார். காரணத்தைப் பொய்யாக வடிவமைக்க ஆசிரியர் பட்ட பாடு வீண்.

ஐந்து வடிவங்களிலும் ஒரு சிறிய ஒழுங்கைக் கடைப்பிடித்திருப்பதைக் கவனிக்கலாம். காரணத்தில் ‘இது’, ‘அதன்’, ‘இதனால்’, ‘ஏனெனில்’ போன்ற சொற்கள் எதுவும் இல்லை. காரணம் தனித்து நின்று உண்மை பொய் தீர்மானிக்கத்தக்க வாக்கியமாக இருக்க வேண்டும். ‘ஏனெனில் அதன் மின்சுமை அதிகம்’ என்று எழுதினால், எதன் மின்சுமை என்று அறியக் கூற்றுக்குப் போக வேண்டும். கூற்றே பொய்யாக இருந்தால் காரணத்தின் உண்மையும் குழம்பிவிடும்.

இப்போது (ஆ)வுக்கு வருவோம். இந்த வினா வகையின் தரத்தை (ஆ) விடைக்கான வினாக்களை வைத்தே அளந்துவிடலாம். ‘HF-இன் கொதிநிலை அதிகம்’ என்ற கூற்றுக்கு ‘ஃபுளூரின் வெளிர்மஞ்சள் நிற வாயு’ என்று காரணம் கொடுத்தால் அது விடையைக் கையில் கொடுப்பதற்குச் சமம். வேதியியல் படிக்காதவரும் அதைத் தள்ளிவிடுவார். நல்ல (ஆ) வினாவில் காரணம் உண்மையாக இருக்க வேண்டும், அதே பாடத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக வேறொரு செய்திக்கு உண்மையிலேயே காரணமாக இருக்க வேண்டும். அந்த வேறொரு செய்தி கூற்றுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் வினா கூர்மையாகும்.

அமோனியா தயாரிக்கும் ஹேபர் முறையைப் பாருங்கள். N₂ + 3H₂ ⇌ 2NH₃ என்ற வினையில் அழுத்தத்தைக் கூட்டினால் சமநிலையில் அமோனியாவின் அளவு கூடும். நான்கு மோல் வாயு இரண்டு மோலாகச் சுருங்குவதே இதற்குக் காரணம். முன்னோக்கு வினை வெப்பம் உமிழ்வது என்பதும் உண்மை. ஆனால் அது விளக்குவது வெப்பநிலையின் விளைவை. ‘அழுத்தத்தைக் கூட்டினால் அமோனியா கூடும்’ என்ற கூற்றுக்கு ‘முன்னோக்கு வினை வெப்பம் உமிழ்வினை’ என்ற காரணத்தைக் கொடுத்தால் நேர்த்தியான (ஆ) வினா கிடைக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் படித்து, எது எதற்கு என்று பிரித்துக்கொள்ளாத மாணவரை அது சரியாக அடையாளம் காட்டும்.

HF-ஐ வைத்து இன்னும் நல்ல வினா எழுதலாம். முழு வடிவத்தில்:

கூற்று: ஹைட்ரஜன் ஹாலைடுகளான HF, HCl, HBr, HI ஆகியவற்றுள் HF-இன் கொதிநிலையே மிக அதிகம்.
காரணம்: HF, HCl, HBr, HI ஆகியவற்றின் பிணைப்புகளுள் H–F பிணைப்பே மிக வலிமையானது.

(அ) இரண்டும் சரி. காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம்.
(ஆ) இரண்டும் சரி. ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமல்ல.
(இ) கூற்று சரி, காரணம் தவறு.
(ஈ) கூற்று தவறு, காரணம் சரி.

விடை (ஆ). HF சுமார் 19.5 °C-இல் கொதிக்கிறது. HCl −85 °C-இலேயே கொதித்துவிடும். மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பே இந்தப் பெரிய இடைவெளிக்குக் காரணம். H–F சகப்பிணைப்பு வலிமையானது என்பது மூலக்கூறுக்கு உள்ளே நடக்கிற சங்கதி. திரவம் கொதிக்கும்போது அந்தப் பிணைப்பு உடைவதே இல்லை. அந்த வலிமை விளக்குகிற பக்கத்து வீட்டுச் செய்தி வேறு: நீரில் HCl வன்அமிலமாக இருக்க, HF மட்டும் மென்அமிலமாக இருப்பதற்கு அந்தப் பிணைப்பு எளிதில் விட்டுக்கொடுக்காததே முக்கியக் காரணம்.

காரணம் விளக்கமா இல்லையா என்று ஆசிரியர் தீர்மானிப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இந்த வினா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காரணத்தில் சொல்லப்பட்ட பண்பு வேறு சேர்மங்களில் கூடிக் குறையும்போது, கூற்றில் சொல்லப்பட்ட விளைவும் கூடவே மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். H–Cl பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 431 கிலோஜூல். H–I பிணைப்புக்குச் சுமார் 298. பிணைப்பு வலிமைதான் கொதிநிலையைத் தீர்மானிக்கிறது என்றால் HCl-தான் உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டும். நடப்பது நேர்மாறு: HI −35 °C-இல் கொதிக்கிறது, HCl அதற்கு ஐம்பது டிகிரி கீழே. ஆகவே விளக்கம் பொருந்தாது. யார் வாதிட்டாலும் விடைக்குறிப்பு அசையாது. நைட்ரஜன்–ஆக்ஸிஜன் வினாவின் (அ) வடிவத்துக்கும் இதே சோதனையைப் போட்டுப் பார்க்கலாம். எலக்ட்ரான் இணைவதுதான் காரணம் என்றால், அடுத்த வரிசையில் பாஸ்பரஸ்–சல்பர் ஜோடியிலும் அதே தலைகீழ் தெரிய வேண்டும். தெரிகிறது: பாஸ்பரஸுக்கு 1012, சல்பருக்கு 1000. வித்தியாசம் சிறிது, ஆனால் திசை அதே.

சோதனைக்குக் கட்டுப்படாத வினாக்களும் உண்டு. அவற்றில் அரைக் காரணங்கள்தான் அதிகத் தொல்லை. ‘வினைவேக மாற்றி சமநிலை மாறிலியை மாற்றுவதில்லை’ என்பது கூற்று. ‘வினைவேக மாற்றி வினையின் கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது’ என்பது காரணம். இரண்டும் உண்மை. விளக்கமா? ஓர் ஆசிரியர் ஆம் என்பார். கிளர்வு ஆற்றலைக் குறைப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை, அதனால்தான் சமநிலை மாறவில்லை என்பது அவர் வாதம். இன்னொருவர் இல்லை என்பார். முன்னோக்கு வினைக்கு மட்டும் கிளர்வு ஆற்றல் குறைந்தால் சமநிலை மாறித்தானே ஆக வேண்டும், இரு திசைக்கும் சமமாகக் குறைகிறது என்பதுதான் விளக்கம், அதைக் காரணம் சொல்லவில்லை என்பது இவர் வாதம். நான் இரண்டாமவர் பக்கம். கொடுத்த காரணம் மட்டும் தெரிந்திருந்தால் கூற்றை அதிலிருந்து பெற முடியுமா என்று கேட்டால், முடியாது. ஆனால் பதினேழு வயது மாணவருக்கு நான்கு மதிப்பெண்ணை இந்த வழக்கின் மேல் நிறுத்துவது நியாயமல்ல. ‘வினைவேக மாற்றி முன்னோக்கு, பின்னோக்கு வினைகள் இரண்டின் வேகத்தையும் ஒரே மடங்கு கூட்டுகிறது’ என்று காரணத்தைத் திருத்தி எழுதினால் விடை ஐயமின்றி (அ) ஆகிவிடும். தகராறுக்கு இடமுள்ள வினாவை இப்படித் திருத்த வேண்டும், இல்லையெனில் விட்டுவிட வேண்டும். ‘நான் எண்ணியது இதுதான்’ என்று விடைக்குறிப்பில் போட்டுவிட்டுப் போகக்கூடாது.

நைட்ரஜன் வினாவிலும் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நம் பாடநூல்கள் ‘சரிபாதி நிரம்பிய ஆர்பிட்டால்களின் கூடுதல் நிலைப்புத்தன்மை’ என்ற விளக்கத்தை முன்வைக்கின்றன. நிலைப்புத்தன்மை என்று சொல்வது நடந்ததற்கு இன்னொரு பெயர் வைப்பதுதான், இணைந்த எலக்ட்ரான்களின் விலக்கமே உள்ளார்ந்த காரணம் என்று கருதும் வேதியியலாளர்கள் உண்டு. மாணவர் எந்த நூலைப் படித்தாரோ அந்த நூலின் விளக்கத்தை ஏற்றுக்கொள்வதே முறை என்பதால், ‘சரிபாதி நிரம்பிய’ என்ற காரணத்துக்கு விடை (அ)தான். அதை (ஆ) என்று வைத்து நுணுக்கம் காட்ட நினைக்கிற ஆசிரியர், நன்றாகப் படித்த மாணவரைத்தான் தண்டிக்கிறார்.

விளக்கத்துக்கு முன்பே, வாக்கியங்களின் உண்மைநிலையிலேயே இடறி விழுந்த வினாக்களும் இருக்கின்றன. 2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணுவைப் பற்றி ஒரு வினா வந்தது. இது கூற்று–காரணம் அல்ல. இரண்டு கூற்றுகளின் உண்மையை மட்டும் கேட்கும் வகை. இரண்டாவது கூற்று, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைப்புத்தன்மை உடையவை என்ற பொருளில் அமைந்திருந்தது. என்சிஇஆர்டி பாடநூலின் பழைய பதிப்பில் அப்படித்தான் இருந்தது; புதிய பதிப்பில் ‘பெரும்பாலான தனிமங்களின்’ என்று திருத்தியிருந்தார்கள். கதிரியக்கத் தனிமங்கள் இருக்கும்போது திருத்தம்தான் சரி. முதலில் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லியின் மூவர் குழு ஒரே விடைதான் சரி என்று சொன்னதும், மற்ற விடையைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைக்கு ஐந்து மதிப்பெண் இழந்தார்கள்: கிடைத்த நான்கு போனது, தவறுக்கான ஒன்றும் கழிந்தது. ‘ஒவ்வொரு’ என்பதற்கும் ‘பெரும்பாலான’ என்பதற்கும் இடையே அத்தனை பேரின் தரவரிசை நின்றது.

வேதியியலில் இத்தகைய வழுக்கல்கள் ஏராளம். ‘வெப்பநிலை கூடினால் வினைவேகம் கூடும்’ என்று கூற்று எழுதுவது இயல்பு. ஆனால் NO ஆக்ஸிஜனுடன் சேர்ந்து NO₂ ஆகும் வினை வெப்பநிலை கூடும்போது மெதுவாகிறது; நொதி வினைகளும் ஓர் எல்லைக்கு மேல் மந்தமாகும். ஆகவே கூற்றில் குறிப்பிட்ட ஒரு வினையைப் பெயர் சொல்லி எழுதுவது நல்லது. அல்லது ‘பெரும்பாலான வினைகளில்’ என்று தொடங்க வேண்டும். ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘மட்டுமே’ ஆகிய சொற்கள் இரட்டைத் தொல்லை. அவை கூற்றைப் பொய்யாக்கிவிடக்கூடும். அப்படி ஆகாவிட்டாலும், ‘இந்தச் சொல் இருந்தால் தவறு’ என்று பழகிய மாணவருக்குத் துப்புக் கொடுத்துவிடும்.

மதிப்பெண் கணக்குக்கு வருவோம். சிபிஎஸ்இயில் சரியான விடைக்கு ஒன்று, மற்றதற்குப் பூஜ்யம். நீட்டில் சரிக்கு நான்கு, தவறுக்குக் கழிவு ஒன்று, விட்டால் பூஜ்யம். தவறான மூன்று விடைகளுக்கும் ஒரே தண்டனை. ஆனால் மூன்றும் ஒரே அளவு அறியாமையைக் காட்டுவதில்லை. HF வினாவில் (அ) குறித்தவர் இரண்டு உண்மைகளையும் அறிந்தவர், இணைப்பில் தவறியவர். (இ) குறித்தவர் H–F பிணைப்பின் வலிமையை அறியாதவர். (ஈ) குறித்தவருக்கு ஹைட்ரஜன் ஹாலைடுகளின் கொதிநிலை வரிசையே தெரியவில்லை. மூவருக்கும் −1.

இதைவிட முக்கியமான ஓர் ஏற்றத்தாழ்வும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. நீட் அமைப்பில் விடை (ஆ)வாக உள்ள வினாவில் இரண்டு வாக்கியங்களும் உண்மை என்று அறிந்த மாணவர், இணைப்பில் மட்டும் ஐயப்பட்டு (அ), (ஆ) இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக அவருக்குக் கிடைப்பது ஒன்றரை மதிப்பெண்: பாதி முறை நான்கு, பாதி முறை கழிவு ஒன்று. அதே தாளில் விடை (ஈ)யாக உள்ள வினாவில், கூற்று பொய் என்ற ஒன்றை மட்டும் அறிந்தவருக்கு முழு நான்கு. கூடுதலாக அறிந்தவருக்குக் குறைவாகவும் குறைவாக அறிந்தவருக்கு அதிகமாகவும் கொடுக்கும் கணக்கு இது. விடைகளின் அமைப்பைத் தேர்வு வாரியம் மாற்றாதவரை, ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்றுதான். விடை (ஈ)யாக உள்ள வினாவில் கூற்றைக் கடினமாக்க வேண்டும், விடை (இ)யாக உள்ள வினாவில் காரணத்தைக் கடினமாக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைத் தீர்மானிப்பதே நான்கு மதிப்பெண் பெறும் வேலையாக இருக்க வேண்டும். ‘ஆக்ஸிஜனின் அயனியாக்கும் ஆற்றல் நைட்ரஜனைவிட அதிகம்’ என்ற பொய்க் கூற்று அந்தத் தகுதி உடையது. ‘சோடியம் ஓர் அலோகம்’ என்ற கூற்றுக்கு அந்தத் தகுதி இல்லை.

தவறான விடைக்கும் பகுதி மதிப்பெண் கொடுத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று சில ஆசிரியர்கள் வகுப்புத் தேர்வில் முயல்கிறார்கள். கூற்றின் உண்மைநிலைக்கு ஒன்று, காரணத்தின் உண்மைநிலைக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று என மூன்று மதிப்பெண். மேலே சொன்ன HF வினாவில் (ஆ) குறித்தால் மூன்று. (அ) குறித்தால் இரு உண்மைகளுக்கும் சேர்த்து இரண்டு. (இ)க்குக் கூற்றின் உண்மைக்காக ஒன்று. (ஈ)க்குக் காரணத்தின் உண்மைக்காக ஒன்று. பார்க்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தவருக்குச் சராசரியாக என்ன கிடைக்கும்? மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, ஆக ஏழு. நான்கால் வகுத்தால் ஒன்றே முக்கால். மூன்றுக்கு ஒன்றே முக்கால் என்பது பாதிக்கும் மேல்! ஒரு மதிப்பெண் வினாவில் அதே குருட்டு விடைக்குக் கால் பங்குதான் கிடைத்திருக்கும். இன்னொரு சிக்கல்: கூற்றோ காரணமோ பொய்யாக உள்ள வினாவில் இணைப்பு என்ற பேச்சே எழாது, அங்கே மூன்றாவது மதிப்பெண்ணை எதற்குக் கொடுப்பது? மாணவருக்கு எங்கே ஓட்டை என்று கண்டறிய இந்த முறை பயன்படும், தரவரிசைக்கு உதவாது.

வகுப்பறைக்கு இதைவிட நல்ல வழி உண்டு. விடைக்கு ஒரு மதிப்பெண், அதன் கீழே ஒரே வரியில் எழுதும் விளக்கத்துக்கு ஒரு மதிப்பெண். ‘HF கொதிக்கும்போது உடைவது ஹைட்ரஜன் பிணைப்பு, H–F சகப்பிணைப்பு அல்ல’ என்று எழுதியவர் குருட்டாம்போக்கில் (ஆ)வைக் குறிக்கவில்லை என்பது உறுதி. (அ)வைக் குறித்துவிட்டு ‘வலிமையான பிணைப்பை உடைக்க அதிக வெப்பம் வேண்டும்’ என்று எழுதியவரின் குழப்பம் எங்கே என்று ஆசிரியருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

விடைக்குறிப்பு எழுதும் முறையிலும் மாற்றம் வேண்டும். ‘விடை: (ஆ)’ என்று மட்டும் அச்சிட்டுக் கொடுப்பது இந்த வகைக்குப் போதாது. ஒவ்வொரு விடைக்கும் அதைக் குறிப்பவர் எதை நம்புகிறார் என்று ஒரு வாக்கியமும், அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்று ஒரு வாக்கியமும் வேண்டும். HF வினாவுக்கு அப்படி எழுதினால் இவ்வாறு அமையும். (அ): மூலக்கூறுக்குள் உள்ள பிணைப்பே கொதிநிலையைத் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை; HCl, HI இரண்டின் பிணைப்பு ஆற்றலையும் கொதிநிலையையும் ஒப்பிட்டால் அது உடையும். (ஆ): முழு மதிப்பெண். (இ): அணு பெரிதானால் பிணைப்பு வலுக்கும் என்ற நம்பிக்கை, குழுவில் கீழே போகப்போகப் பிணைப்பு நீண்டு தளர்கிறது. (ஈ): மூலக்கூறு எடை கூடினால் கொதிநிலை கூடும் என்ற விதியை விலக்கின்றிப் பயன்படுத்தியது; HCl முதல் HI வரை அந்த விதி சரி, HF-இல் ஹைட்ரஜன் பிணைப்பு அதைக் கவிழ்த்துவிடுகிறது.

எந்த விடைக்கு இப்படி ஒரு நம்பிக்கையை எழுத முடியவில்லையோ, அந்த விடை வினாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வினாவை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இந்தக் குறிப்பை எழுதிப் பார்க்கிற ஆசிரியருக்கு, எந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தேர்வு முடிந்தபின் விடைத்தாள்களும் பேசும். நாற்பது பேர் எழுதிய வகுப்பில் HF வினாவுக்கு இருபத்திரண்டு பேர் (அ), பன்னிரண்டு பேர் (ஆ), மீதிப்பேர் (இ), (ஈ) என்று குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். (ஆ) குறித்த பன்னிரண்டு பேரும் மொத்தத் தாளிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் என்றால் வினா சரியாக வேலை செய்திருக்கிறது. பாடத்தைத்தான் திரும்ப நடத்த வேண்டும். வகுப்பின் முதல் ஐந்து மாணவர்களும் (அ) குறித்து, கடைசி வரிசையில் உள்ளவர்கள் (ஆ) குறித்திருந்தால், ஆசிரியர் முதலில் சந்தேகிக்க வேண்டியது தன் விடைக்குறிப்பை. வினைவேக மாற்றி பற்றிய அரைக் காரணம் போன்ற வினாக்களில்தான் இது நேரும். நன்றாக யோசிக்கிறவர்கள் ஒரு வாதத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். யோசிக்காதவர்கள் ஆசிரியர் எண்ணியதைத் தற்செயலாகத் தொட்டிருப்பார்கள்.

விடைகளின் பங்கீட்டிலும் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பாடநூலில் உள்ள ‘ஆகவே’, ‘எனவே’ வாக்கியங்களை இரண்டாக வெட்டினால் கூற்றும் காரணமும் கிடைத்துவிடும். அதனால் அவசரத்தில் எழுதும் தாளில் (அ) விடைகள் குவியும். பயிற்சித் தாள்களைத் தொடர்ந்து எழுதும் மாணவர் இதை விரைவில் மோப்பம் பிடித்துவிடுவார். நான்கு வினாக்கள் உள்ள தாளில் ஒவ்வொரு விடையும் ஒரு முறை என்று வைப்பதும் ஆபத்து. மூன்றைக் கண்டுபிடித்தவர் நான்காவதைப் படிக்காமலே குறிப்பார். ஓர் ஆண்டின் தாள்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது சமமாக வந்தால் போதும். தனித்தாளில் (ஆ) இரண்டு முறை வரட்டும், (இ) வராமலே போகட்டும்.

சில செய்திகள் இந்த வகைக்கு ஒத்துவராது. அணைவுச் சேர்மங்களின் நிறம் பற்றியோ கரிம வினைகளின் வழிமுறை பற்றியோ எழுதும்போது, காரணத்துக்குக் காரணம் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். எந்தக் கண்ணியில் நிறுத்தினால் அது விளக்கம் என்று பாடநூலும் தெளிவாகச் சொல்லியிருக்காது. அங்கே இணைப்பை விட்டுவிட்டு, 2024 வினாவில் வந்ததுபோல் கூற்று ஒன்று, கூற்று இரண்டு என்ற வகையில் கேட்பதே மேல். அதில் இரண்டும் சரி, இரண்டும் தவறு, முதலாவது மட்டும் சரி, இரண்டாவது மட்டும் சரி என நான்கு நிலைகளே உண்டு. நான்கு விடைகளுக்குள் அவை முழுமையாக அடங்கும், எதுவும் கசியாது. மாணவரின் மூன்றாவது தீர்ப்பை அது சோதிக்காதுதான். ஆனால் சோதிக்க முடியாத ஒன்றைச் சோதித்ததாகக் கணக்குக் காட்டி, அதற்கு நான்கு மதிப்பெண்ணும் ஒரு கழிவும் வைப்பதைவிட, இரண்டு உண்மைகளை நேராகக் கேட்பது மாணவருக்குச் செய்யும் நியாயம்.